மெல்லிய முடியும் ரவுண்டு பிரஷும்: காரைக்குடியிலிருந்து ஓர் அனுபவம்

எனக்கு முடி அடர்த்தியாகத்தான் இருக்கிறது, இழைதான் மெல்லிசு. தலைக்குக் குளித்து அப்படியே காயவிட்டால் வகிட்டின் இரண்டு பக்கமும் மண்டையோடு படிந்துவிடும். சில வருடங்களாக ரவுண்டு பிரஷும் ஹேர் டிரையரும் வைத்து வேரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறேன்.

ஈரம் சொட்டும்போது பிரஷைத் தொடக்கூடாது. மெல்லிய முடி நனைந்திருந்தால் சட்டென்று இழுபட்டு அறும், பிரஷிலும் சிக்கும். தலையைக் கவிழ்த்து, விரலால் கோதியபடி முக்கால்வாசி காயவிடுகிறேன். தொட்டால் சில்லென்று இருக்கும், தண்ணீர் கையில் ஒட்டாது. அதுதான் பதம்.

உச்சியில் பிரஷ் அகலத்துக்கு மேல் போகாமல் ஒரு கற்றை எடுக்கிறேன். அதை நேர் மேலே, கொஞ்சம் நெற்றிப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, பிரஷை வேருக்கு அடியில் கொடுத்து இழுத்துப் பிடிக்கிறேன். டிரையரின் நாசில் வேரிலிருந்து நுனியைப் பார்த்து இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் ஊதினால் முடி பறந்து சிலும்பும். சூடு நடுத்தரம் போதும். வேர் காய்ந்ததும் கற்றையைச் சுருட்டி, பிரஷை அங்கேயே விட்டு, கூல் பட்டனை அழுத்துகிறேன்.

பலர் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். ஈரத்தில் தளர்ந்த முடியின் உள்பிணைப்புகள் காயும்போதும் ஆறும்போதும்தான் புது வடிவத்தில் இறுகுகின்றன. சூட்டோடு பிரஷை உருவினால் வேர் உடனே சாய்ந்துவிடும். விரலை வேரில் வைத்துப் பார்த்து, வெதுவெதுப்பு போன பிறகுதான் எடுப்பேன், அதுவும் சுருட்டைப் பிரித்து. முதலில் வைத்திருந்த உலோக உருளை பிரஷ் ஆறவே நேரம் பிடித்தது, முடியும் வழுக்கியது. பன்றி ரோமமும் நைலானும் கலந்தது மெல்லிய முடியை நன்றாகப் பிடிக்கிறது.

எங்கள் ஊரில் வேறு இரண்டு சங்கதி உண்டு. ஒன்று எண்ணெய். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு சீயக்காய் போட்டாலும் வேரில் கொஞ்சம் பிசுக்கு நிற்கும். அன்றைக்கு எவ்வளவு ஊதினாலும் தூக்காது. "எண்ணெய் வைக்காத தலையும் ஒரு தலையா?" என்று அப்பத்தா சொல்லத்தான் செய்வார்கள். இன்னொன்று மின்சாரம். வோல்டேஜ் 230இலிருந்து 180க்கு இறங்கினால் டிரையரின் சூடு ஏறக்குறைய அறுபது சதவீதம்தான். மாலையில் பல்பு மங்கினால் நான் டிரையரை எடுப்பதில்லை.

போன சித்திரையில் கானாடுகாத்தானில் உறவுக் கல்யாணம். விடியற்காலையில், மின்விசிறிக்கு அடியில், வியர்வை அடங்கிய பிறகு உச்சியை மட்டும் செய்துகொண்டேன். மல்லிகைச் சரத்தைத் தூக்கிய இடத்தில் குத்தாமல் பின்னால் தாழ வைத்தேன். சாப்பாட்டுப் பந்தி வரை நின்றது. அப்புறம் வளவில் கூட்டமும் புழுக்கமும் சேர்ந்து தலை வியர்த்ததும் வேர் படிய ஆரம்பித்தது, வியர்வையும் ஈரம்தானே! ஐப்பசி மழையில் இந்த வேலையே வேண்டாம் என்று பின்னிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன்.