பக்கம் தீர்ந்த பாஸ்போர்ட், ஈரத்தில் கெட்ட பாஸ்போர்ட்: பயணத்துக்கு முன் எதற்கு என்ன வழி?

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரம் பார்க்கும் ஒருவருக்கு துபாய், மலேசியா என்று முத்திரை விழுந்தே பக்கங்கள் தீர்ந்துவிட்டன. ஏற்காட்டில் இருக்கும் அவருடைய அண்ணனின் பாஸ்போர்ட்டோ, மழைக்கால ஈரத்தில் பீரோவுக்குள்ளேயே பூஞ்சை பிடித்துவிட்டது. இரண்டு பேரிடமும் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருக்கிறது, இருவரும் சேர்ந்து போகவேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

தம்பியின் பாடு சுலபம். நம் நாட்டில் கூடுதல் பக்கம் ஒட்டித் தருவதெல்லாம் கிடையாது, மறுவெளியீடு என்று விண்ணப்பித்து, காரணத்தில் பக்கம் தீர்ந்தது என்று போட வேண்டியதுதான். 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000. அடிக்கடி பறக்கிறவர் அந்த 500 ரூபாயைப் பார்க்கவே கூடாது, 60 பக்கமே எடுக்கட்டும். பழைய புத்தகத்தை ரத்து செய்து கையில் திருப்பித் தருவார்கள்; உள்ளே விசா இருப்பதை கவுண்டரிலேயே சொல்லிவிடுங்கள். அந்த அமெரிக்க விசா காலாவதியாகும்வரை செல்லும், பழையதும் புதியதும் சேர்த்துக் கொண்டுபோனால் போதும். ஸ்டிக்கரை மட்டும் உரித்துப் புதியதில் ஒட்டினால் விசாவே போச்சு.

அண்ணனுக்கு நிலைமை வேறு. சேதமான பாஸ்போர்ட்டை மாற்ற 36 பக்கத்துக்கே 3,000 ரூபாய். தட்கலில் போனால் இன்னும் 2,000 கூடும். அதிலும் பெயர், எண், புகைப்படம் தெளிவாக இருந்தால்தான் தட்கல். அடையாளமே தெரியாத அளவுக்குச் சிதைந்திருந்தால் சாதாரண வழிதான், அதற்குத் தகுந்த அவகாசம் வேண்டும். "படிக்க முடிகிறதே, இதோடயே போயிட்டு வந்துடலாமே" என்று அவர் நினைக்கக்கூடும். நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். புகைப்படப் பக்கத்தின் அடியில் இருக்கும் இரண்டு வரி எழுத்துகளை இயந்திரம் படிக்கவில்லை என்றால் செக்-இன் கவுண்டரிலேயே நிறுத்திவிடலாம், டிக்கெட் காசும் போகும்.

ஆனால் அவர் முதலில் பார்க்கவேண்டியது விசா பக்கத்தைத்தான். ஸ்டிக்கரை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: ஓரம் தூக்கியிருக்கிறதா, படத்தின் மேல் கறை ஏறியிருக்கிறதா, கீழே உள்ள வரிகள் மங்கியிருக்கின்றனவா? பூஞ்சை மற்ற பக்கங்களோடு நின்றிருந்தால் தம்பியைப் போலவே இரண்டு புத்தகத்தோடு போகலாம். ஸ்டிக்கரே கெட்டிருந்தால் புதிய பாஸ்போர்ட் வந்தாலும் அந்த விசா உதவாது, மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். அமெரிக்க நேர்காணலுக்குத் தேதி கிடைப்பது எவ்வளவு இழுக்கும் என்பது தெரிந்ததுதானே, அதனால் இதைப் பார்த்த பிறகே டிக்கெட் போடுவது நல்லது.

அப்புறம், வியட்நாம் மாதிரி நாடுகளின் இ-விசா பாஸ்போர்ட் எண்ணோடு கட்டுப்பட்டது. எண் மாறினால் அதைப் புதிதாகத்தான் எடுக்க வேண்டும், பழைய புத்தகத்தைக் காட்டிச் சமாளிக்க முடியாது. ஏற்கெனவே டிக்கெட் எடுத்தவர்கள் விமான நிறுவனத்திடம் கொடுத்த பாஸ்போர்ட் விவரத்திலும் புதிய எண்ணை மாற்றிவிடுங்கள்.