திரையில் மலாய், வாயில் தமிழ்: மூன்று வழிகளில் எது தேறியது?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடிக் கூடத்தில் ஊழியர் சேமநிதி பற்றி அரை மணி நேரம் பேசச் சொன்னார்கள். தமிழ்ப்பள்ளியில் படித்த பெரியவர்கள், தமிழ் பேசினாலும் வாசிக்கத் தெரியாத இளையவர்கள், தமிழே தெரியாத மலாய், சீன அண்டை வீட்டார் என்று மூன்று விதமான ஆட்கள் வருவார்கள் என்பது முன்பே தெரியும்.

முதலில் ஒவ்வொரு சிலைடிலும் இரண்டு மொழியையும் போட்டுப் பார்த்தேன். தமிழ் வரி நீளம், மேலேயும் கீழேயும் கொம்பு சுழி வேறு, அதனால் 28 அளவில் இருந்த எழுத்து 16க்கு இறங்கிவிட்டது. பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அதோடு திரையில் எல்லாமே இருந்தால் ஆட்கள் வாசித்துக்கொண்டே இருப்பார்கள், நாம் பேசுவது காதில் ஏறாது.

இரண்டாவது வழி, தமிழில் சொல்லிவிட்டு அதையே மலாயில் சொல்வது. சிலைடு சுத்தமாக இருக்கும், ஆனால் அரை மணி நேரத்தில் பதினைந்து நிமிட விஷயம்தான் அடங்கும், பாதிப் பேர் காத்திருக்கும் நேரத்தில் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள்.

நான் எடுத்தது மூன்றாவது வழி: திரையில் மலாய், அதுவும் நாலைந்து சொல்லும் எண்களும் மட்டும், விளக்கம் தமிழில், ஒவ்வொரு பகுதி முடிந்ததும் மலாயில் இரண்டு வாக்கியம். காரணம் எளிது. 55 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து மூன்று கணக்கு. மாதச் சந்தாவில் 100 ரிங்கிட் என்றால் 75 Akaun Persaraan-க்கும், 15 Akaun Sejahtera-வுக்கும், 10 Akaun Fleksibel-க்கும் போகும். கடைசிக் கணக்கில் 50 ரிங்கிட்டிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். இதை நான் 'நெகிழ்வுக் கணக்கு' என்று அழகாகத் திரையில் எழுதினால், வீட்டுக்குப் போய் சேமநிதிச் செயலியைத் திறக்கும் அக்கா அந்தப் பெயரைத் தேடித் தேடிக் களைத்துவிடுவார். அதனால் கண்ணில் படும் சொல் செயலியில் உள்ளபடியே இருக்கட்டும், அர்த்தம் காதுக்குத் தமிழில் போகட்டும். மலாய் சரளமாக வாசிக்காத பெரியவர்களுக்கு ஒரே ஒரு தாள் கொடுத்தேன்: இடப்பக்கம் திரைச்சொல், வலப்பக்கம் தமிழ் விளக்கம்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் இந்த முறையை விட்டுவிட்டு, இரண்டாவது வழிக்குப் போனேன். வாரிசு நியமனம். முஸ்லிம் அல்லாத உறுப்பினர் இறந்தால் அவர் நியமித்தவருக்கே அந்தப் பணம் சேரும். முஸ்லிம் உறுப்பினர் என்றால் நியமிக்கப்பட்டவர் பணத்தைப் பெற்று வாரிசுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பாளர்தான். தமிழில் சொன்னதை மட்டும் அரைகுறையாகக் கேட்டுவிட்டு மலாய் அண்டை வீட்டார் போயிருந்தால், அவர்களுக்குப் பொருந்தாத விதியோடு போயிருப்பார்கள். அதனால் அந்த ஆறு நிமிடத்தை இரண்டு மொழியிலும் முழுசாகச் சொன்னேன், யாரும் கைப்பேசியை எடுக்கவில்லை.