தொலைபேசி மெனுவுக்குக் குரல்பதிவு: 22,500 ரூபாய் போன கதை

நேற்று மாலைதான் கடைசி பதில் வந்தது. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

திருச்சியில் சிறிய ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறோம். அழைப்பவர்களுக்கு "சர்க்கரைப் பரிசோதனைக்கு 3-ஐ அழுத்தவும்" என்று சொல்லும் மெனுவுக்காக 45 அறிவிப்புகள் தேவைப்பட்டன. குரல் கலைஞர்களை அமர்த்தித் தரும் இணையதளம் ஒன்றில் ஒருவரைப் பிடித்தேன். ஓர் அறிவிப்புக்கு 500 ரூபாய், மொத்தம் 22,500, முழுப் பணமும் முன்பணம்.

நான் ஏமாந்த இடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பேசத் தொடங்கியதுமே அவர், "உங்கள் இணைப்பு ஏ-லா தானே? இந்தியாவில் அதுதான்" என்றார். தொலைபேசியில் குரலைச் சுருக்கி அனுப்பும் முறைக்கு அந்தப் பெயர். 8 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ என்று நான் கேட்காமலே சொன்னார். தொழில் தெரிந்தவர் என்று முடிவுகட்டிவிட்டேன். தொலைபேசிக்கான கோப்புகளோடு 48 கிலோஹெர்ட்ஸ் மூலப்பதிவையும் தருவதாக எழுத்திலேயே ஒப்புக்கொண்டார். அவர் அனுப்பிய மாதிரிக் குரல் ஹெட்போனில் தேனாக இருந்தது. அதை ஒருமுறை தொலைபேசியில் ஓட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

கோப்புகளை ஏற்றிய மறுநாள் ஒரு முதியவர் நேரிலேயே வந்துவிட்டார். "அம்மா, உங்கள் போனில் பாம்பு சீறுகிறது, எந்த எண்ணை அழுத்துவது என்றே தெரியவில்லை" என்றார். நானே அழைத்துக் கேட்டேன். "சர்க்கரை", "செவ்வாய்", "சனி" என்று சகரம் வரும் இடமெல்லாம் கரகரவென்று ஒரு சீறல்.

குரல் கலைஞரிடம் கேட்டால், "உங்கள் லைன் சரியில்லை" என்றார். இரண்டாம் முறை, "தொலைபேசி என்றால் அப்படித்தான் இருக்கும்." மூன்றாம் முறை பதிலே இல்லை.

தொலைபேசியில் குரல் மங்குவது உண்மைதான். பழைய குறுகிய அலைவரிசை இணைப்பு சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். சகர ஒலியின் பெரும்பகுதி அதற்கு மேலே இருப்பதால் அது மழுங்கிப்போகும். ஆனால் மழுங்குவது வேறு, சீறுவது வேறு. அவர் அனுப்பிய 8 கிலோஹெர்ட்ஸ் கோப்பைத் தொலைபேசியே இல்லாமல் கணினியில் ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். அதே சீறல் அங்கேயும் இருந்தது. லைன் மீது போட்ட பழி அத்தோடு பொய்யாயிற்று.

காரணத்தை எங்கள் மெனுவை அமைத்துத் தந்த தம்பி விளக்கினார். 8 கிலோஹெர்ட்ஸ் கோப்பு என்றால் ஒலியை நொடிக்கு 8,000 முறை அளந்து மாதிரி எடுப்பது. அப்படி எடுத்தால் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைத்தான் பதிய முடியும். அதனால் மாதிரிகளைக் குறைப்பதற்கு முன்பே அதற்கு மேலுள்ள ஒலியை வடிகட்டி நீக்க வேண்டும். நீக்காமல் விட்டால் அது மறையாது, மடிந்து கீழே விழும். 6,500 ஹெர்ட்ஸில் இருந்த சகரக் காற்று, 8,000-இல் 6,500 போக, 1,500 ஹெர்ட்ஸில் வந்து உட்காரும். அது பேச்சின் நட்டநடு இடம். விழுந்த பிறகு அதைப் பிரித்தெடுக்க வழியில்லை. வடிகட்டுகிற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. 22,500 ரூபாய் வாங்கியவர் அதைக்கூடச் செய்யவில்லை.

போகட்டும், மூலப்பதிவிலிருந்து நாமே மாற்றிக்கொள்ளலாம் என்று அதைக் கேட்டேன். ஒரு வாரம் கழித்து 48 கிலோஹெர்ட்ஸ் என்று 45 கோப்புகள் வந்தன. தகவலில் 48000 என்றே காட்டியது. தம்பி sox என்ற மென்பொருளில் ஒரு கட்டளை போட்டு, எத்தனை ஹெர்ட்ஸில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று வண்ணத்தில் காட்டும் ஒலிப்படம் எடுத்தார்:

```
sox 07.wav -n spectrogram -o 07.png
```

4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே கத்தியால் வெட்டியதுபோல் வெறும் கறுப்பு. உண்மையான பதிவில் சகரம் வரும் இடங்களில் அதற்கு மேலும் வண்ணம் எழும்பி நிற்கும். கெட்டுப்போன அதே 8 கிலோஹெர்ட்ஸ் கோப்புகளை ஊதிப் பெரிதாக்கி, 48 என்று பெயர் ஒட்டி அனுப்பியிருக்கிறார்! சீறலும் உள்ளேயே இருக்கிறது. அவரிடம் மூலப்பதிவு இருக்கிறதா என்பதே இப்போது எனக்குச் சந்தேகம்.

படத்தோடு இணையதளத்துக்குப் புகார் அனுப்பினேன். "கோப்புகள் ஒப்படைக்கப்பட்டு மூன்று நாட்களில் ஆட்சேபம் வராததால் வேலை முடிந்ததாகக் கருதப்படுகிறது" என்று நேற்று பதில் வந்தது. கோப்பு வந்ததா என்பது மட்டும்தான் அவர்கள் கணக்கு. 22,500 ரூபாய் போனது போனதுதான். மீண்டும் 45 அறிவிப்புகளையும் வேறொருவரிடம் பதிய வேண்டும்.

விரிவாக அறிவுரை எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. முழுப்பணம் முன்னால் கொடுக்காதீர்கள். சகரம் நிறைந்த ஒரே ஓர் அறிவிப்பை முதலில் வாங்கி, உங்கள் எண்ணிலேயே ஏற்றி, சாதாரண செல்பேசியில் அழைத்துக் கேளுங்கள். மூலப்பதிவு கைக்கு வந்த அன்றே ஒலிப்படம் எடுங்கள். 8 கிலோஹெர்ட்ஸுக்கு நீங்களே மாற்றுங்கள். இந்தக் கட்டளை வடிகட்டலையும் தானே செய்துவிடும்:

```
sox master.wav -r 8000 -c 1 -b 16 07.wav
```

ஆட்சேபம் சொல்ல எத்தனை நாள் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே படித்துவிடுங்கள். எனக்கு மூன்று நாள்தான் இருந்தது. முதியவர் வந்து சொன்னது ஐந்தாம் நாள்.