தேங்கிய சேலை: வாங்கிய விலையா, தேறும் விலையா?

தீபாவளிக்கு 800 ரூபாய் வீதம் வாங்கிய 50 சேலைகள் ஆண்டுக் கணக்கை முடிக்கும் மார்ச் 31 அன்றும் கடையில் கிடக்கின்றன. இனி 600-க்குத்தான் போகும்; அதிலும் சேலைக்கு 20 ரூபாய் கமிஷன் போய்விடும்.

வாங்கிய விலையில் காட்டினால் சரக்கு 40,000. இந்த ஆண்டு லாபம் அழகாகத் தெரியும். நட்டம் அடுத்த ஆண்டின் தலையில் விழும்.

தேறும் விலையான 580-இல் காட்டினால் 29,000. நட்டம் 11,000 இப்போதே பதிவாகும். முன்னெச்சரிக்கைக் கோட்பாடு கேட்பது இதைத்தான். விலை ஏறிய பட்டுச்சேலையை மட்டும் வாங்கிய விலையிலேயே விடவேண்டும். வராத லாபத்தை எழுதக் கூடாது. பலருக்கு இது ஓரவஞ்சனையாகப் படும்!

சரக்கு வைக்கும் அலமாரியைப் பழைய சாமான் விலைக்குக் குறைக்க மாட்டோம். கடை தொடர்ந்து நடக்கும் என்பதால் தேய்மானம் மட்டுமே. கடையை மூடுவதாக இருந்தால் அதற்கும் தேறும் விலைதான்.

நாலு கைக்குட்டைக்கு இத்தனை கணக்கு வேண்டாம், தொகை அற்பம். ஆனால் லாபத்துக்கேற்பக் கணக்கிடும் முறையை ஆண்டுதோறும் மாற்றினால் ஆடிட்டர் விடமாட்டார்.