‘ஈதர் ஆர் சர்வைவர்’ கணக்கா, நாமினியா, உயிலா: அப்பா இறந்த பிறகு பணம் யாருக்கு?

மனைவியை இழந்த ஓய்வூதியர் ஒருவர். அவர் சேமிப்புக் கணக்கில் 12 லட்சம் ரூபாய், எல்லாம் அவர் சம்பாதித்தது. வங்கிக்கு நடக்க முடியவில்லை என்று, கூட இருக்கும் மூத்த மகனின் பெயரையும் சேர்த்து ‘ஈதர் ஆர் சர்வைவர்’ ஆக்கிவிட்டார், அதாவது இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஒருவர் இறந்தால் மற்றவர் எடுக்கலாம் என்ற கூட்டுக் கணக்கு. இளைய மகனும் மகளும் வெளியூரில். உயில் எழுதாமல் இறந்துபோனார்.

மூத்தவர் இறப்புச் சான்றிதழைக் கொடுத்தால் போதும், கணக்கு அவர் பெயருக்கு வந்துவிடும். வாரிசுச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். இதுதான் இந்த ஏற்பாட்டின் வசதி. குழப்பமும் இங்கேதான் ஆரம்பிக்கிறது: “பேங்கே எனக்குத்தான்னு கொடுத்துடுச்சு.”

வங்கி அப்படிச் சொல்லவே இல்லை. உயிரோடிருப்பவரிடம் கொடுத்தால் வங்கியின் பொறுப்பு தீர்ந்தது, அவ்வளவுதான். வாங்குபவர் மற்ற வாரிசுகளுக்கும் சேர்த்து அதை வைத்திருப்பவர் என்றே ரிசர்வ் வங்கியின் விதி சொல்கிறது. பெயரைச் சேர்த்ததாலேயே பணத்தைத் தானம் கொடுத்ததாக ஆகாது என்பது 1928-லேயே, அன்றைக்கு இந்திய வழக்குகளுக்கு மேல்முறையீட்டு நீதிமன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் சொன்னது. அப்பா, மகன் கூட்டுக் கணக்கு வழக்கில் 1971-ல் உச்ச நீதிமன்றமும் அதே வழியில்தான் போனது.

ஆக, இந்து வாரிசுரிமைச் சட்டப்படி (அவருடைய தாயும் இல்லை என்றால்) மூவருக்கும் தலா 4 லட்சம். சரி, அந்த 12-ல் 3 லட்சம் மூத்தவர் தன் சம்பளத்திலிருந்து போட்டது என்றால்? அது அவருடையது. மீதி 9 லட்சம்தான் மூன்றாகப் பிரியும். அவருக்கு 6, மற்றவர்களுக்கு 3, 3. ஆனால் அந்த 3 லட்சத்தை ஸ்டேட்மென்ட்டில் காட்ட வேண்டும். வாய்வார்த்தை நிற்காது.

தனிக் கணக்கு வைத்து மகனை நாமினியாகப் போட்டிருந்தால்? முடிவு இதேதான். நாமினி வாங்கிக்கொள்பவர், உரிமையாளர் அல்ல என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒரே வித்தியாசம், அப்பா இருக்கும்வரை நாமினியால் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. கூட்டுக் கணக்கில் மகன் அன்றைக்கே எல்லாவற்றையும் எடுக்கலாம். கூட்டுக் கணக்கிலும் நாமினி போடலாம், ஆனால் இருவரும் இறந்த பிறகுதான் அவருக்கு வேலை.

மூத்த மகனுக்கே எல்லாம் சேர வேண்டும் என்பது அப்பாவின் ஆசை என்றால், அதற்கு வழி உயில்தான். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்ட உயிலில் அந்தக் கணக்கைக் குறிப்பிட்டிருந்தால் தம்பி, தங்கை பங்கு கேட்க முடியாது. என்னைக் கேட்டால், எடுக்கும் வசதிக்குக் கூட்டுக் கணக்கு, உரிமைக்கு உயில் என்று இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்வது நல்லது.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. “அண்ணனுக்குக் கொடுக்காதீர்கள்” என்று வங்கிக்கு எழுதும் கடிதம் மட்டும் பணத்தை நிறுத்தாது. நீதிமன்றத் தடை வேண்டும். அப்பா இறந்த தேதியில் கணக்கில் எவ்வளவு இருந்தது என்ற ஸ்டேட்மென்ட்டை அண்ணனிடமே முதலில் கேளுங்கள். பங்கு அந்தத் தொகையில்தான்.