பழைய ஜாக்கெட்டைப் பிரித்து விடுவதா, புதிதாகத் தைப்பதா? தீபாவளிக்கு முன் ஒரு இஞ்ச் கணக்கு

மேற்கு மாம்பலத்தில் கடையை மறுபடி திறந்துவிட்டோம். தீபாவளிக்குப் புது ஜாக்கெட் தைக்க வேண்டுமானால் 20 நாள் முன்னாலேயே துணி கைக்கு வரவேண்டும். ஆல்டரேஷன் என்றால் 4 நாள் முன்பு வரை வாங்கிக்கொள்வோம். காலையில் கொடுத்தால் பெரும்பாலும் மறுநாள் மாலை கிடைக்கும். பட்டுப்புடவைக்கு ஏற்கெனவே ஒரு ஜாக்கெட் இருந்து, அது இறுக்கமாகிவிட்டது என்பதுதான் குறை என்றால், புதிதாகத் தைப்பதைவிடப் பிரித்து விடுவதே மேல் என்போம்.

புதுசு என்றால் லைனிங் வாங்கி, நனைத்துக் காயவைத்து, வெட்டி, தைத்து, போட்டுப் பார்த்து, திருத்தி, கொக்கி கட்ட வேண்டும். லைனிங்கை நனைக்காமல் தைத்தால் முதல் சலவையிலேயே அது சுருங்கி, மேல்துணி உப்பிக்கொண்டு நிற்கும். ஐப்பசி மழையில் அதைக் காயவைப்பதற்கே ஒரு நாள் போய்விடும். பழைய ஜாக்கெட்டில் இதெல்லாம் முடிந்த வேலை. கழுத்தும் தோளும் உங்களுக்குப் பழகியவை.

ஆனால் பிரித்து விட முடியுமா என்பதை ஒரே விஷயம்தான் தீர்மானிக்கும்: பக்கத் தையலுக்கு உள்ளே விட்டிருக்கும் துணி. ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பி, அக்குளுக்குக் கீழே தையலிலிருந்து துணியின் விளிம்பு வரை டேப் வைத்துப் பாருங்கள். டெய்லர் தைத்ததென்றால் பொதுவாக 1 இஞ்ச் இருக்கும். சிலர் ஒன்றரைகூட விடுவார்கள். லைனிங்கிலும் அதே அளவு இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். மேல்துணியில் தாராளமாக விட்டுவிட்டு, லைனிங்கை மட்டும் ஒட்ட வெட்டியிருப்பதுண்டு.

கணக்கு எளிது. தையலை அரை இஞ்ச் வெளியே தள்ளினால் முன்பக்கத்தில் அரை, பின்பக்கத்தில் அரை கூடும். இரண்டு பக்கமும் சேர்த்தால் மார்புச் சுற்றில் 2 இஞ்ச். உதாரணத்துக்கு, 34 சுற்றுள்ள ஜாக்கெட் இப்போது 36½ ஆக வேண்டும். தேவை இரண்டரை இஞ்ச். அதை நான்கால் வகுத்தால் தையல் நகர வேண்டியது அரை இஞ்சுக்குச் சற்று மேல். உள்ளே 1 இஞ்ச் இருந்தால் தள்ளியபிறகும் கால் இஞ்சுக்கு மேல் மிஞ்சும்; தாராளமாகச் செய்யலாம். அதே ஜாக்கெட் 38 ஆக வேண்டுமென்றால் 1 இஞ்சும் போய்விடும், தையல் பிடிக்கத் துணியே இருக்காது. பட்டு விளிம்பிலிருந்து நூல் நூலாகப் பிரியும் என்பதால் கால் இஞ்சுக்குக் குறைவாக விட்டுத் தைத்தால் கையைத் தூக்கும்போது கிழியும். அப்போது அக்குளில் ஒட்டுத்துணி கொடுக்க வேண்டும், அல்லது புதுசுதான்.

கையிலும் கவனம் வேண்டும். கை நுனியிலிருந்து இடுப்பு வரை ஒரே தையலாக ஓடியிருந்தால் கையும் 1 இஞ்ச் தளரும். கை சரியாக இருந்தால், அக்குளில் அரை இஞ்ச் தள்ளி, கை நுனிக்கு வரும்போது பழைய தையலோடு சேர்த்துவிடுவோம்.

பிரித்தபின் பழைய ஊசி ஓட்டை தெரியுமா என்பது அடுத்த கேள்வி. பருத்தியில் தண்ணீர் தெளித்துத் தேய்த்தால் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். டிஷ்யூவிலும் மெல்லிய பட்டிலும் கோடாகவே நிற்கும். வெளியே தெரிந்த துணி வெளுத்து, உள்ளே இருந்தது அடர்நிறமாக இருந்தாலும் பட்டை தெரியும். கை தொங்கும் இடம் என்பதால் பலர் பொருட்படுத்துவதில்லை. சந்தேகமிருந்தால் இடுப்போரத்தில் நாலு தையல் மட்டும் பிரித்துக் காட்டுவோம், பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

புதுசுதான் சரி என்று நாங்களே சொல்லும் இடமும் உண்டு. முதுகு சரியாக இருந்து, முன்னால் மட்டும் கொக்கிக்கு நடுவே பிளந்து நின்றால், பக்கத்தில் தளர்த்தியதில் பாதி முதுகுக்குப் போய் அங்கே தொளதொளக்கும். பிளவு முழுதாக மூடாது. டாட் உட்காரும் இடமே மாறிவிட்டது என்று அர்த்தம்.

ரெடிமேட் குர்த்தியில் பெரும்பாலும் தையலை ஒட்டியே வெட்டி ஓவர்லாக் அடித்திருப்பார்கள். பிடித்துத் தரலாம், விட முடியாது. வாங்கும்போதே ஒரு அளவு பெரிதாக எடுத்துவாருங்கள். இழுபடும் துணியில் தைத்த கவுன்களில் எங்களுக்குப் பழக்கம் குறைவு. பார்த்துவிட்டுத்தான் சொல்வோம், தேதி உறுதி தரமாட்டோம்.

வரும்போது இப்போது சரியாகப் பொருந்தும் அளவு ஜாக்கெட் ஒன்றும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். பட்டில் அக்குள் வியர்வைக் கறை இருந்தால் முதலிலேயே காட்டுங்கள். அந்த இடம் நைந்திருந்தால் பிரிக்கும்போதே விட்டுப்போகும், அதில் நாங்கள் கைவைக்கமாட்டோம்.