கிரிட்ல பூட்டுறதா, கணக்குல விடுறதா?

ஒரு பள்ளி பவள விழா மலர் இன்டிசைன்ல லேஅவுட் பண்ணேன், பக்கத்துக்கு ரெண்டு பத்தி. இடப்பக்க பத்தியில இருக்குற வரியும் வலப்பக்க பத்தி வரியும் ஒரே மட்டத்துல நிக்கணும்னா ரெண்டு வழி இருக்கு. பக்கம் முழுக்க சம இடைவெளியில ஓடுற கோடுகளா பேஸ்லைன் கிரிட் போட்டு பாடி டெக்ஸ்ட்ட அதுல பூட்டுறது ஒண்ணு. இன்னொண்ணு, பூட்டாம, தலைப்புக்கு மேல கீழ விடுற இடைவெளியெல்லாம் கூட்டினா வரி உயரத்தோட மடங்கு வர்ற மாதிரி கணக்கு போடுறது. வெர்டிகல் ஜஸ்டிஃபை சிலர் சொல்வாங்க, அதுல பத்தியோட அடி மட்டும்தான் சேரும், நடுவுல வரிகள் கலைஞ்சுரும், அத விட்ருவோம்.

முதல்ல நான் கணக்குலதான் ஆரம்பிச்சேன். பாடி 10.5 பாயின்ட், வரி உயரம், அதாவது லீடிங், 15. உபதலைப்புக்கு லீடிங் 18, மேல 8, கீழ 4. முந்தின பாடி வரியிலருந்து அடுத்த பாடி வரிக்கு 8+18+4+15, மொத்தம் 45, அதாவது சரியா மூணு வரி, பாக்க அவ்ளோ அழகா இருந்துச்சு.

ப்ரூஃப் திருத்தம் வந்ததும்தான் வினையே. நாலு வரி வெட்டினதுல ஒரு உபதலைப்பு பத்தியோட உச்சிக்கு ஏறிடுச்சு, அங்க இன்டிசைன் அந்த மேல் 8-ஐ கண்டுக்காது. முதல் வரி எங்க நிக்கணும்னு சொல்ற முதல் பேஸ்லைன் ஆஃப்செட் லீடிங்ல இருந்ததால தலைப்பு உச்சியிலருந்து 18-ல நிக்குது, அடுத்த பாடி வரி 37-ல, பக்கத்து பத்தியிலயோ 30, 45-னு போகுது. அந்த பத்தி முழுக்க கோணல். ஒவ்வொரு திருத்தத்துக்கும் இப்படி பக்கம் பக்கமா தேடி ஒட்டு போட முடியுமா?

அதான் கிரிட்டுக்கு மாறினேன். `Increment Every` 15, டாப் மார்ஜின்லருந்து, பாடி ஸ்டைலுக்கு மட்டும் `Align to Grid: All Lines`, தலைப்புக்கு `None`. இப்ப அதே பாடி வரி தானா 45-க்கு இறங்கிடும். தலைப்புக்கு கீழ 8 பாயின்ட் கூடுதலா காலியா தெரியும், ஆனா எதிர்ப்பக்கம் ஒத்துப்போகுது, மெலிசு பேப்பர்ல பின்பக்க வரி இடையில எட்டியும் பாக்காது.

கிரிட்லயும் தொல்லை இருக்கு. பத்தி நடுவுல தலைப்பு ரெண்டு வரியாச்சுன்னா கூட்டல் 63, அடுத்த கோடு 75, அதனால தலைப்பு தன் பாராவ விட்டுட்டு மேல மிதக்கும். அதுக்கு தனி ஸ்டைல் வச்சு மேல் இடைவெளிய 5 ஆக்கினா 60-ல உக்காந்துரும். அப்புறம் வேர்ட்லருந்து ஒட்டின ஒரே ஒரு எழுத்துக்கு லீடிங் 16-னு இருந்தாக்கூட அந்த வரி அடுத்த கோட்டுக்கு குதிச்சு 30 விட்டுரும். பாரா நடுவுல திடீர்னு ஒரு வரி காலியா இருந்தா முதல்ல அதத்தான் பாக்கணும்.

ஒத்தப்பத்தி கவிதை புக்குக்கு இவ்ளோ தேவையான்னு கேட்டா, நான் பண்ணது ஒண்ணே ஒண்ணுதான், அதுல பூட்டல, கணக்கே போதுமா இருந்துச்சு.